தாத்தாவின் ஊர் எந்த வரிசையில் இருக்கிறது? இந்தியக் கணக்கெடுப்பு அட்டவணைகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்த் தமிழரிடம் "ஊர் எது?" என்று கேட்டால், மன்னார்குடிப் பக்கம், ஒரத்தநாட்டுப் பக்கம், கடையநல்லூர்ப் பக்கம் என்று ஒரு "பக்கம்" வரும். அந்தப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை பேர், எவ்வளவு நிலம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கோப்புகளில் இருக்கின்றன. censusindia.gov.in தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கோப்பைத் திறந்ததும்தான் சிக்கல் ஆரம்பிக்கும்: நூறு பத்தி, பல்லாயிரம் வரிசை, எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்து.

நம் புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கூடுதல் குழப்பம். இங்கே யீஷூன், உட்லண்ட்ஸ் என்று வட்டாரப் பெயரைத் தேடினால் ஒரே வரிசையில் பதில் வந்துவிடும். அங்கே ஒரு பெயருக்கு ஏழெட்டு வரிசை வரும். அதனால் எண்களுக்குள் போகுமுன் வரிசையைச் சரியாகப் பிடிக்க வேண்டும்.

எந்தக் கணக்கெடுப்பு, எந்தக் கோப்பு

இப்போதைக்கு ஊர் அளவில் கிடைப்பதில் கடைசியானது 2011 கணக்கெடுப்புதான். 2021ல் நடக்க வேண்டியது நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2011ல் வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் 2010ல் வீடுகளைப் பட்டியலிட்டார்கள். அப்புறம் 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகப் போய் ஆட்களை எண்ணினார்கள்.

புதிதாக வருபவருக்கு இரண்டு கோப்புகள் போதும். ஒன்று முதன்மைக் கணக்கெடுப்புச் சுருக்கம். தளத்தில் இதற்குப் பெயர் Primary Census Abstract, சுருக்கமாக PCA. இன்னொன்று கிராம விவரத் தொகுப்பு, அதாவது Village Directory. மாவட்டக் கையேடு என்று மாவட்டத்துக்கு ஒன்றாக வெளியிடுகிறார்களே, அதன் முதல் பகுதிதான் இந்தத் தொகுப்பு. இரண்டாம் பகுதியில் அதே ஊர்களின் PCA எண்கள் இருக்கும். இரண்டும் எக்செல் கோப்புகளாகவும் தனியாகக் கிடைக்கின்றன. மாநிலமாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டும் ஒரே மாதிரிதான் தோன்றும், ஆனால் பிறந்த இடம் வேறு. PCA வீட்டு வாசலில் நின்று கேட்ட பதில்களின் கூட்டல். அது மனிதர்களைச் சொல்கிறது. கிராமத் தொகுப்பு அலுவலகப் பதிவேடுகளிலிருந்து நிரப்பப்பட்டது. அது இடத்தைச் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல குழப்பங்கள் தாமே தீரும்.

முதல் படி: 2011ல் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்தது?

2011ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். இன்று 38. அட்டவணை 2011ன் எல்லைகளிலேயே நிற்கிறது. ஆகவே தென்காசி மாவட்ட ஊரைத் திருநெல்வேலியின் கீழும், மயிலாடுதுறை மாவட்ட ஊரை நாகப்பட்டினத்தின் கீழும் தேட வேண்டும்.

தாத்தாவின் பழைய பத்திரங்களை வைத்துத் தேடுபவர்களுக்கு இதன் மறுபக்கம் வரும். அதில் "தஞ்சாவூர் ஜில்லா" என்று இருக்கும். அந்தப் பழைய தஞ்சாவூரிலிருந்து 1991ல் நாகப்பட்டினமும், பின்னர் 1997ல் திருவாரூரும் பிரிந்துவிட்டன. மன்னார்குடி வட்டம் இன்று திருவாரூரில். காகிதத்தில் உள்ள மாவட்டப் பெயரை நம்பாமல் வட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் அதுதான் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

இரண்டாம் படி: கிராமமா, நகரமா, குக்கிராமமா?

கணக்கெடுப்புக்குக் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் அந்த வருவாய் கிராமத்துக்குள் இருக்கும் ஒரு தெருவோ குடியிருப்போதான். அப்படிப்பட்ட குடியிருப்புக்குத் தனி வரிசை கிடையாது. அதன் ஆட்கள் தாய்க் கிராமத்தின் எண்ணுக்குள் கலந்துவிடுவார்கள். கடித முகவரியில் உள்ள பெயர் அஞ்சலகத்தின் பெயராக இருக்கலாம், அதுவும் உதவாது. சரியான பெயர் பட்டாவிலோ கிரயப் பத்திரத்திலோ இருக்கும். வீட்டில் யாரிடமாவது ஒரு பட்டா நகல் இருந்தால் வாங்கிப் பாருங்கள்: மாவட்டம், வட்டம், வருவாய் கிராமம் மூன்றும் வரிசையாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அந்த மூன்றுதான்.

சில "ஊர்கள்" கிராமமே அல்ல. பேரூராட்சியும் நகராட்சியும் அட்டவணையில் நகரம். கடையநல்லூர் நகராட்சி, அதைக் கிராமத் தொகுப்பில் தேடினால் கிடைக்காது, நகர விவரத் தொகுப்பில்தான் இருக்கும். பெயருக்குப் பின்னால் இருக்கும் குறியைப் பாருங்கள். `(M)` என்றால் நகராட்சி, `(TP)` என்றால் பேரூராட்சி. `(CT)` கொஞ்சம் விசித்திரமானது. நிர்வாகத்தில் ஊராட்சியாகவே இருக்கும், கணக்கெடுப்பு மட்டும் நகரமாக எண்ணும். குறைந்தது 5,000 பேர், முழுநேர ஆண் உழைப்பாளர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தப் பெயர் நகரப் பட்டியலுக்குப் போய்விடும். 2001ல் கிராமமாக இருந்தது 2011ல் காணவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

நகரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நகரத் தொகுப்பின் வளர்ச்சி வரலாற்று அட்டவணை, பத்தாண்டுக்கு ஒரு எண்ணாக 1901லிருந்து மக்கள்தொகையைக் கொடுக்கிறது. கிராமத் தொகுப்பில் அப்படி எதுவும் இல்லை.

மூன்றாம் படி: PCAவில் வரிசையைப் பிடிப்பது

கோப்பின் இடது ஓரத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றின் குறியீட்டு எண்கள். தமிழ்நாட்டுக்கு 33, திருவாரூருக்கு 619, தஞ்சாவூருக்கு 620. அவற்றையடுத்து `Level`, `Name`, `TRU` என்ற மூன்று பத்திகள். எல்லாக் குழப்பமும் இந்த மூன்றுக்குள்தான்.

மன்னார்குடி என்ற பெயரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். வட்டமாக ஒரு மன்னார்குடி வரும். அதற்கே `TRU` பத்தியில் மொத்தம், கிராமப்புறம், நகர்ப்புறம் என்று மூன்று வரிசைகள். நகராட்சியாக இன்னொன்று. வார்டு வாரியான கோப்பாக இருந்தால் ஒவ்வொரு வார்டும் தனித்தனியாக. இவை ஒன்றுக்குள் ஒன்று அடங்கியவை. ஆகவே மொத்த மக்களைச் சொல்லும் `TOT_P` பத்தியை மேலிருந்து கீழ்வரை கூட்டினால் ஒரே ஆள் பலமுறை எண்ணப்படுவார். கூட்டல் மாநில மக்கள்தொகையான 72,147,030ஐப் போலப் பல மடங்கு வந்தால் நடந்தது இதுதான்.

கிராமம் வேண்டுமானால் `Level` பத்தியில் `VILLAGE` என்று வடிகட்டுங்கள். அப்புறம் வட்டத்தின் எண்ணால் வடிகட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பெயர். ஒரே பெயர் நாலைந்து வட்டங்களில் இருப்பது சாதாரணம். ஆங்கில எழுத்துக்கூட்டலும் நம் கையெழுத்துப்போல ஆளுக்கு ஒரு விதம்: "ழ" எப்படி எழுதப்பட்டிருக்கும், "க்கோட்டை"யில் எத்தனை k இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முழுப்பெயரைத் தட்டாமல் நடுவிலுள்ள நாலைந்து எழுத்தை மட்டும் தட்டித் தேடுங்கள். வடக்கு, தெற்கு, மேல, கீழ என்று பிரிந்த ஊர்களுக்கு இரண்டு வரிசை இருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் நாம் சொல்லும் ஊர் வரும்.

வரிசை கிடைத்ததும் அதன் ஆறு இலக்க ஊர் எண்ணைக் குறித்துவையுங்கள். அந்த எண் நாடு முழுதும் ஒரே ஒரு கிராமத்துக்குத்தான். கிராமத் தொகுப்பிலும் அதே எண் இருக்கும். இரண்டு கோப்புகளையும் இணைக்கப் பெயரைப் பயன்படுத்தாதீர்கள், எண்ணைப் பயன்படுத்துங்கள். ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டு வட்ட எண்கள் ஐந்து இலக்கம், பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டால் ஒரு கோப்பில் ஐந்து இலக்கமாகவும் இன்னொன்றில் நாலு இலக்கமாகவும் நின்று, இணைப்பு ஒரு வரிசையைக்கூடப் பொருத்தாது. வட்ட எண் `C2` கட்டத்தில் இருந்தால் இப்படிச் சரிசெய்யலாம்:

```
=TEXT(C2,"00000")
```

நான்காம் படி: PCA என்ன சொல்கிறது

பத்திகள் ஏராளம் என்றாலும் உள்ளே இருப்பது சில கேள்விகள்தான். ஒவ்வொன்றும் மொத்தம், ஆண், பெண் என்று மூன்று தடவை வருவதால் நீளமாகத் தெரிகிறது. `No_HH` குடும்பங்களின் எண்ணிக்கை. `TOT_P` மொத்த மக்கள். `P_06` ஆறு வயது வரையிலான குழந்தைகள். அடுத்து பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு பெற்றோர், பெறாதோர். மிச்சமெல்லாம் வேலை பற்றியவை.

சாதிப் பெயர்களும் மதமும் இங்கே இருக்காது. மதத்துக்கு C-1, தாய்மொழிக்கு C-16 என்று தனி அட்டவணைகள் உண்டு. அவை கிராமம் வரை இறங்குவதில்லை.

எழுத்தறிவில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில். மாநில வரிசையையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 72,147,030 பேர், எழுத்தறிவு பெற்றவர்கள் 51,837,507 பேர். வகுத்தால் 71.85 சதவீதம். ஆனால் தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதமாக வெளியிடப்பட்டது 80.09. தவறு கோப்பில் இல்லை. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தாலும் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெறாதவர்தான். அதனால் விகிதம் போடும்போது 7,423,832 குழந்தைகளையும் கீழ்எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்:

```
=100*P_LIT/(TOT_P-P_06)
```

இப்போது 80.09 சரியாக வரும். ஊர் வரிசைக்கும் இதே வாய்பாடுதான், எக்செலில் தட்டும்போது பத்திப் பெயர்களுக்குப் பதிலாக அந்தந்தக் கட்டத்தின் எண்ணைப் போடுங்கள். `P_ILL` பத்தியைப் பார்த்து "நம்ம ஊரில் இத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாதா!" என்று அதிர்ச்சி அடையவும் வேண்டாம். மாநில அளவில் அந்தப் பத்தியில் இருக்கும் 20,309,523 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தக் குழந்தைகள்தான்.

வேலைப் பத்திகளில் `MAIN` என்பது ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள், `MARG` அதற்குக் குறைவாகச் செய்தவர்கள். ஒவ்வொன்றும் நான்காகப் பிரியும்: `CL` சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிர் செய்பவர், `AL` விவசாயக் கூலி, `HH` வீட்டுத் தொழில், `OT` மற்றதெல்லாம். ஆசிரியரும் `OT`தான், ஓட்டுநரும் `OT`தான், மளிகைக்கடைக்காரரும் `OT`தான்; அதற்கு மேல் பிரித்துப் பார்க்க கிராம அளவில் வழியில்லை. டெல்டா ஊர்களில் நடவும் அறுப்பும் மட்டுமே வேலை கொடுக்கும் பருவங்களால் கூலியாட்களில் ஒரு பங்கு `MARG` பக்கம் விழுந்துவிடும். `MAIN_AL_P`ஐ மட்டும் பார்த்து "இங்கே கூலி வேலைக்கு ஆளே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். `MARG_AL_P`ஐயும் சேர்த்துக் கூட்டுங்கள்.

நாம் எங்கே எண்ணப்பட்டோம்?

இங்கே வேலை செய்யும் தமிழர்கள் அடிக்கடி கேட்பது இது. பதில்: அந்த இருபது நாளும் ஊரில் இல்லாதவர் அந்த வீட்டின் கணக்கில் இல்லை. வேலை அனுமதி அட்டையில் இங்கிருந்த மகனைப் பற்றி அம்மா வாசலில் எவ்வளவு சொல்லியிருந்தாலும் `TOT_M`ல் அவர் சேர மாட்டார். வீடு எண்ணப்படும், அம்மா எண்ணப்படுவார், அவர் மட்டும் விடுபடுவார்.

இந்த விடுபடல் அட்டவணையில் தடம் விட்டிருக்கிறது. 2011ல் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆண்கள் 1,182,416, பெண்கள் 1,223,474, ஆயிரத்துக்கு 1,035. உங்கள் ஊருக்கும் பார்க்கலாம், ஆனால் இரண்டு தடவை கணக்குப் போடுங்கள். முதலில் ஆறு வயது வரையிலானவர்களுக்கு மட்டும், `F_06`ஐ `M_06`ஆல் வகுத்து. பிறகு அந்தக் குழந்தைகளைக் கழித்துவிட்டுப் பெரியவர்களுக்கு. குழந்தைகளில் ஆண்கள் அதிகமாகவும் பெரியவர்களில் பெண்கள் நிறைய அதிகமாகவும் இருந்தால், வளர்ந்த ஆண்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். எங்கே போனார்கள் என்று PCA சொல்லாது. சிங்கப்பூராகவும் இருக்கலாம், திருப்பூராகவும் இருக்கலாம். பெண்கள் அதிக ஆயுளோடு இருப்பதும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இருநூறு பேர் உள்ள சிற்றூரில் நாலு குடும்பம் இடம்பெயர்ந்தாலே விகிதம் தலைகீழாகிவிடும் என்பதால், சின்ன ஊர்களில் இதை வைத்து எதையும் வாதிட வேண்டாம்.

ஐந்தாம் படி: கிராமத் தொகுப்பைத் திறப்பது

கோப்பின் பெயரில் `DCHB_Village_Release` என்று இருக்கும். தலைப்புகள் இங்கே சுருக்கமாக இல்லை, முழு வாக்கியம் அளவுக்கு நீளமானவை. அதனால் முதல் வரிசையைச் சுருட்டி உயரமாக்கிவிட்டுப் படியுங்கள். ஊர் எண்ணைத் தேடினால் ஒரே வரிசை வரும்.

முதலில் ஊராட்சியின் பெயர், ஒன்றியத்தின் பெயர், பரப்பளவு. அப்புறம் பள்ளிகள், மருத்துவ வசதிகள், குடிநீர், கழிவுநீர், அஞ்சல், தொலைபேசி, பேருந்து, சாலை, வங்கி, நியாயவிலைக் கடை, மின்சாரம். கடைசிப் பகுதியில் நிலம்: காடு, தரிசு, மேய்ச்சல், பயிரான நிலம், அதில் வாய்க்கால், கிணறு, ஏரி வழியாகப் பாசனம் பெறுவது எவ்வளவு என்பதெல்லாம் ஹெக்டேரில். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். வேலிக் கணக்கில் யோசிக்கும் பெரியவர்களுக்காக இன்னொரு தடவை மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு வரிசையைக் கிட்டத்தில் பார்ப்போம். அரசு தொடக்கப்பள்ளி எண்ணிக்கை என்ற கட்டத்தில் 2 இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு பள்ளிகள், சரி. கொஞ்சம் தள்ளி குழாய்த் தண்ணீர் கட்டத்திலும் 2. இதை இரண்டு குழாய் என்று படித்தால் போச்சு. அந்தத் தலைப்பின் முடிவில் `Status A(1)/NA(2)` என்று இருக்கும்: 1 என்றால் உண்டு, 2 என்றால் இல்லை. ஆக அந்த ஊரில் குழாய்த் தண்ணீரே கிடையாது. இப்படிப்பட்ட பத்தியைக் கூட்டிச் சராசரி எடுப்பவர்களுக்கு, வசதி குறையக் குறைய எண் பெரிதாகும். கூட்டுமுன் 2 எல்லாவற்றையும் 0 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணிக்கைப் பத்திகளை மட்டும் தொடாதீர்கள்.

இல்லாத வசதிக்குப் பக்கத்தில் `a`, `b`, `c` என்று ஓர் எழுத்து இருக்கும். அது மிக அருகில் அந்த வசதி இருக்கும் தூரம்: `a` ஐந்து கிலோமீட்டருக்குள், `b` ஐந்திலிருந்து பத்து, `c` பத்துக்கு மேல். துல்லியமான தூரம் கிடையாது.

காலத்தையும் கவனியுங்கள். `Reference Year` என்ற பத்தியில் 2009 என்று இருக்கும். மக்கள்தொகை 2011ன் கணக்கு, வசதிகள் அதற்கு முந்தைய பதிவு. "எங்கள் ஊரில் 2010லேயே வங்கி வந்துவிட்டதே" என்று யாராவது சொன்னால் அவரும் சரி, அட்டவணையும் சரி. மேலும் பதிவேட்டில் பள்ளி இருக்கிறது என்றால் கட்டடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள்; ஆசிரியர் வருகிறாரா என்பது இதில் தெரியாது. ஆள் குடியில்லாத கிராமங்களும் பட்டியலில் உண்டு. அவற்றுக்கு நிலம் இருக்கும், மக்கள் பூஜ்யம். வீடு ஒரு வருவாய் கிராமத்திலும் வயல் பக்கத்து வருவாய் கிராமத்திலும் இருக்கும் குடும்பங்கள் இந்தப் பூஜ்ய ஊர்களையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இன்னும் வேண்டுமென்றால்

ஓட்டு வீடா, கான்கிரீட் வீடா, கழிப்பறை உண்டா, சமையல் எதில் என்பதெல்லாம் மேலே சொன்ன இரண்டிலும் இல்லை. அதற்கு 2010 வீட்டுப் பட்டியலிலிருந்து வந்த `HLPCA` என்ற மூன்றாவது கோப்பு. அதில் இருப்பவை எண்ணிக்கைகள் அல்ல, சதவீதங்கள். இரண்டு ஊரைச் சேர்க்க நினைத்தால் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பழைய காலத்துக்குப் போக விரும்புபவர்களுக்கு, முந்தைய பத்தாண்டுகளின் மாவட்டக் கையேடுகள் அச்சுப் பக்கங்களின் நகலாக அதே தளத்தில் இருக்கின்றன. மாவட்டக் கையேடு 1951 கணக்கெடுப்பில் தொடங்கிய வழக்கம். ஊர் எண்கள் ஒவ்வொரு தடவையும் மாறியிருப்பதால் அங்கே பெயரையும் வட்டத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும். மொத்த மக்கள்தொகையையும் ஆண் பெண் எண்ணிக்கையையும், எல்லை மாறாத ஊராக இருந்தால் தாராளமாக ஒப்பிடலாம். பரப்பளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறதா என்று பார்த்தால் எல்லை மாறியதா என்பது தெரிந்துவிடும். வேலைப் பத்திகளை ஒப்பிடும்போது 2001க்கு முன்னால் போகாதீர்கள். 1991ல் உழைப்பாளர்களை ஒன்பது வகையாகப் பிரித்தார்கள், 2001லிருந்து நான்காகச் சுருக்கிவிட்டார்கள். எழுத்தறிவுக்கு 1991தான் எல்லை, ஏழு வயது என்ற கணக்கு அதில்தான் தொடங்கியது.